ஓட்டத்துக்கு முன் காஃபீன்: அண்ணனின் அளவு தங்கைக்குப் பொருந்தாது

வாசகியின் கடிதம்:

"எனக்கு 34 வயது, எடை 58 கிலோ. ஒன்றரை வருடமாக ஓடுகிறேன். இன்னும் ஐந்து வாரத்தில் ஓர் அரை மாரத்தான் இருக்கிறது. 2 மணி 10 நிமிடத்தில் முடிக்க ஆசை. எங்கள் ஓட்டக் குழுவில் 82 கிலோ எடையுள்ள அண்ணன் ஒருவர், ஓட்டத்துக்கு முன் தான் எடுத்துக்கொள்வதை அப்படியே எனக்கும் சொன்னார்: 200 மில்லிகிராம் காஃபீன் மாத்திரை ஒன்று, உடற்பயிற்சிக்கு முன் கரைத்துக் குடிக்கும் பவுடர் ஒரு கரண்டி (டப்பாவில் 150 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது), கூடவே திக்கான காபி. போன மாதம் ஒரு பயிற்சி ஓட்டத்தன்று வெறும் வயிற்றில் 5.40க்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு 6 மணிக்கு ஓடத் தொடங்கினேன். தொடங்கும் முன்பே முகத்திலும் விரல்களிலும் எறும்பு ஊர்வது போலிருந்தது. கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. முதல் நான்கு கிலோமீட்டர் பறந்தேன். ஐந்தாவதில் வயிறு முறுக்கி, கழிப்பறையில் ஆறு நிமிடம் போயிற்று. அன்று இரவு இரண்டு மணி வரை தூக்கமே இல்லை. கருத்தடை மாத்திரை தவிர வேறு மருந்து எடுப்பதில்லை. தினமும் காலையும் மாலையும் காபி குடிப்பேன். காஃபீன் எனக்கு ஒத்துக்கொள்ளாதா, பழகினால் சரியாகிவிடுமா? போட்டிக்கு ஒரு வாரம் முன்பே காபியை நிறுத்தினால்தான் முழுப் பலன், கொழுப்பும் கரையும் என்கிறார்களே, உண்மையா?"

விளையாட்டு மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம்; உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது. மாத்திரையில் 200, பவுடரில் 150, திக்கான காபியில் குத்துமதிப்பாக 100 என்று வைத்துக்கொண்டால், அன்று காலை உங்கள் வயிற்றுக்குள் போனது 450 மில்லிகிராம். இதை அண்ணனின் 82 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ஐந்தரை மில்லிகிராம் வருகிறது. உங்கள் 58 கிலோவால் வகுத்தால் ஏறத்தாழ 7.8 வருகிறது. அவர் தன் உடம்புக்குத் தாங்கக்கூடிய மேல் எல்லையில் நின்றுகொண்டு சொன்ன யோசனை, உங்கள் உடம்பில் எல்லையைத் தாண்டிய அளவாகிவிட்டது. ஆகவே காஃபீன் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்ற முடிவுக்கு இப்போதே வந்துவிட வேண்டாம். ஒத்துக்கொள்ளாமல் போனது அந்த அளவும், அதை எடுத்த விதமும்தான்.

எடைக்கு எவ்வளவு

விளையாட்டுத் திறனைப் பற்றிய ஆய்வுகளில் பலன் தெரிகிற அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. பலருக்கு 2 மில்லிகிராமே போதுமானதாக இருக்கிறது. 9 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தபோது, ஓட்டம் அதற்கேற்ப வேகமாகவில்லை. நடுக்கம், படபடப்பு, குமட்டல், தூக்கக் கேடு ஆகியவை மட்டுமே கூடின. "கொஞ்சம் நல்லது என்றால் நிறைய இன்னும் நல்லது" என்ற எண்ணம் இந்தப் பொருளின் விஷயத்தில் செல்லாது என்பதற்கு, அது உடம்பில் வேலை செய்யும் விதமே காரணம்.

காஃபீன் தசைக்குச் சக்தி எதையும் தருவதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே வந்து, தனக்குரிய ஏற்பிகளில் அமர்ந்து, "களைப்பாக இருக்கிறது, மெதுவாகப் போ" என்று சொல்கிறது. காஃபீனின் மூலக்கூறு அடினோசினைப் போன்ற தோற்றம் கொண்டதால், அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது. களைப்பு மறைந்துவிடுவதில்லை, களைப்பின் செய்தி வந்து சேர்வது குறைகிறது, அவ்வளவுதான். ஏற்பிகளின் எண்ணிக்கை அளவானது; அவற்றில் போதுமானவை அடைபட்ட பிறகு கூடுதலாக ஊற்றுகிற காஃபீனுக்கு அங்கே வேலை குறைவு. அட்ரினலினைத் தூண்டும் வேலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது பதற்றத்தால் உங்கள் உடம்பே ஏற்கெனவே அட்ரினலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் 450 மில்லிகிராமும் சேர்ந்தால் விரல்கள் நடுங்காமல் என்ன செய்யும்? (நான் மருத்துவம் படித்த காலத்தில், இரவுப் பணியில் நான்காவது காபிக்குப் பிறகு தையல் போட உட்கார்ந்து, ஊசியின் முனை ஆடுவதைப் பார்த்துவிட்டு ஊசியை உடன் இருந்தவரிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த நடுக்கத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.)

முதல் நான்கு கிலோமீட்டர் பறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கு அது கவலையளிக்கிறது. 2 மணி 10 நிமிடத்தில் 21.1 கிலோமீட்டர் முடிக்க, கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 விநாடி போதும். அந்த வேகம் எளிதாகத் தெரிகிற உடம்பு ஐந்தரை நிமிடத்துக்கு ஏறிவிட்டால், தசையில் சேமித்து வைத்த சர்க்கரை முன்கூட்டியே கரைந்து, பதினைந்தாவது கிலோமீட்டருக்கு மேல் கால்கள் கனக்கத் தொடங்கும். வயிறு கெடாமல் இருந்திருந்தாலும் அன்றைய ஓட்டத்தின் பிற்பகுதி உங்களுக்குச் சிரமமாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட கருத்து ஒன்றும் உங்களுக்கு உதவும். ஆரோக்கியமான வளர்ந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் 200 மில்லிகிராம் வரையிலும், ஒரு நாள் முழுவதற்குமாக 400 மில்லிகிராம் வரையிலும் கவலைக்குரியதல்ல என்றும், கடும் உடற்பயிற்சிக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் அந்த 200ஐ எடுத்துக்கொண்டாலும் சாதாரணச் சூழலில் அப்படியே என்றும் அது சொல்கிறது. 58 கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 3.4. பலன் தெரியும் அளவும் பாதுகாப்பான அளவும் உங்கள் எடையில் அழகாக ஒன்றுசேர்கின்றன. கனத்த உடம்புக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. அண்ணன் கிலோவுக்கு 3 மில்லிகிராம் எடுக்க நினைத்தாலே 246 ஆகிவிடும்.

உங்கள் கல்லீரலின் கடிகாரம்

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமான வரியாகப் பட்டது. நீங்கள் எடுக்கும் கருத்தடை மாத்திரை ஈஸ்ட்ரோஜன் கலந்த வகை என்றால், அது காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இரத்தத்தில் உள்ள காஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும் என்றால், இவ்வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஏறத்தாழ இருமடங்காக, பத்து மணி நேரம் வரை, நீள்கிறது.

இதை அந்த நாளில் பொருத்திப் பார்ப்போம். காலை 5.40க்கு 450. பத்து மணி நேரம் கழித்து, மாலை 3.40க்கு 225. இன்னொரு பத்து மணி நேரம் கழித்து, நள்ளிரவு 1.40க்கு 112. அதாவது நீங்கள் படுக்கையில் புரண்டுகொண்டிருந்த நேரத்தில், அப்போதுதான் ஒரு கோப்பை காபி குடித்து முடித்தவரைப் போன்ற நிலையில் உங்கள் இரத்தம் இருந்தது. மாலைக் காபியையும் வழக்கம்போல் குடித்திருந்தால் இன்னும் கூடுதல். ஐந்து மணி நேரக் கணக்குள்ள ஒருவருக்கு இதே 450 அந்த நேரத்தில் 28 ஆகக் கரைந்திருக்கும். அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார், மறுநாள் "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று உங்களிடம் சொல்லவும் செய்வார். இருவருமே பொய் சொல்லவில்லை. இது தோராயமான கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் அன்றைய இரவை இது நன்றாகவே விளக்குகிறது.

இந்தக் காரணத்துக்காகக் கருத்தடை மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். காஃபீனைத்தான் மாத்திரைக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு இதில் ஒரு சாதகமும் இருக்கிறது: எடுத்துக்கொண்ட அளவு மெதுவாகக் குறைவதால், இரண்டு மணி நேர ஓட்டத்தின் முடிவிலும் அதில் ஏறத்தாழ ஏழில் ஆறு பங்கு இரத்தத்தில் இருக்கும். ஆகவே பாதி வழியில் காஃபீன் கலந்த ஜெல் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. ஜெல் பழக்கம் இருந்தால் காஃபீன் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். உறையின் பின்பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

நேரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விழுங்கிய மாத்திரையோ குடித்த காபியோ இரத்தத்தில் உச்சத்தைத் தொட, பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. வயிற்றில் உணவு இருந்தால் சற்றுத் தாமதமாகும். 5.40க்கு எடுத்த உங்களுக்கு அந்த உச்சம் 6.30 வாக்கில் வந்திருக்க வேண்டும். ஐந்தாவது கிலோமீட்டரை நீங்கள் தொட்ட நேரமும் ஏறக்குறைய அதுதான். காஃபீன் ஏறுவதும், ஓட்டத்தில் குடல் குலுங்குவதும், இரத்தம் குடலைவிட்டுக் கால்களுக்குத் திரும்புவதும் ஒரே வேளையில் கூடிவிட்டன. 6 மணி ஓட்டத்துக்கு 5.10க்கு எடுத்திருந்தால், உடம்பு அதை எப்படி ஏற்கிறது என்று ஓடத் தொடங்கும் முன்பே தெரிந்திருக்கும், கழிப்பறையும் பக்கத்திலேயே இருந்திருக்கும்.

வயிற்றைக் கெடுத்தது எது, எறும்பு ஊர்ந்தது எதனால்

முகத்திலும் விரல்களிலும் ஊர்ந்த எறும்புகளுக்குக் காஃபீன் பொறுப்பல்ல. உடற்பயிற்சிக்கு முன் கரைத்துக் குடிக்கும் பவுடர்களில் பெரும்பாலானவற்றில் பீட்டா அலனின் என்ற அமினோ அமிலம் சேர்க்கப்படுகிறது. ஒரே தடவையில் ஒரு கிராம் அளவுக்கு அது உள்ளே போனால், பலருக்கு முகம், காது, கைகளின் தோலில் இப்படிச் சுருசுருவென்று இருக்கும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும், தீங்கில்லை. "பவுடர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது" என்று அதைப் பார்த்துச் சிலர் மகிழ்வதுண்டு. உண்மையில் பீட்டா அலனின் பலன் தருவது, வாரக்கணக்கில் தினமும் எடுத்துத் தசையில் சேர்ந்த பிறகுதான். அன்று காலை ஒரு கரண்டி குடித்ததால் அன்றைய ஓட்டத்துக்கு ஒன்றும் கிடைக்காது. டப்பாவின் பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயிற்றின் கதை கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் சந்தேகத்துக்கு உரியவர்கள் மூவர். முதலாவது காபி. அது வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது, உணவுக்குழாயின் கீழ் வாயைத் தளர்த்தி எதுக்களிக்க வைக்கிறது, பலருக்குக் குடித்த சில நிமிடங்களிலேயே பெருங்குடலை அசைத்துவிடுகிறது. இதில் ஒரு பகுதி காபியின் பிற சேர்மங்களால் வருவது. காஃபீன் நீக்கிய காபி குடித்தாலும் சிலருக்குக் குடல் அசைவதைப் பார்க்கலாம். இரண்டாவது பவுடர். அதிலுள்ள செயற்கை இனிப்புகளும், கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் குடிக்கும் பழக்கமும் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றைக் கலக்கக்கூடும். மூன்றாவதுதான் அளவு மிஞ்சிய காஃபீன். மூன்றையும் ஒரே நாளில், அதுவும் வெறும் வயிற்றில் எடுத்ததால், எது குற்றவாளி என்று இப்போது உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. அடுத்த முறை ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஒன்று மாத்திரையாக இருக்கட்டும் என்கிறேன்.

ஏன் மாத்திரை? காபியை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் குடிப்பவன்தான். ஆனால் காபியில் எவ்வளவு காஃபீன் இருக்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே கடையில் ஒரே வகைக் காபியைத் தொடர்ந்து ஆறு நாட்கள் பெரிய கோப்பையில் வாங்கி அளந்து பார்த்தபோது, 259 மில்லிகிராமிலிருந்து 564 மில்லிகிராம் வரை வந்தது. கணக்கில் நான் "குத்துமதிப்பாக 100" என்று எழுதியதும் அப்படிப்பட்டதே. எடைக்கு ஏற்ப அளந்து எடுக்க விரும்புகிறவருக்கு, அளவு அச்சிட்ட மாத்திரைதான் கைகொடுக்கும்.

அளவு அச்சிடாத பொருள் இன்னொன்றும் சந்தையில் உண்டு. பைகளில் விற்கும் தூய காஃபீன் தூள். அதைத் தொடவே வேண்டாம். ஒரு தேக்கரண்டித் தூளில் பல கிராம் காஃபீன் இருக்கிறது, அது உயிரைப் பறிக்கக்கூடிய அளவு. வீட்டு எடைக் கருவியை நம்பி அளந்தவர்கள் இறந்திருக்கிறார்கள்.

காபியை நிறுத்துவதும் கொழுப்பும்

ஒரு வாரம் முன்பே காபியை நிறுத்தினால் காஃபீனின் வேகம் கூடும் என்பது ஓட்டக்காரர்களிடையே நெடுநாளாக உலவும் நம்பிக்கை. தினமும் காபி குடிப்பவர்களுக்கும் போட்டிக்கு முன் எடுக்கும் காஃபீன் பலன் தருகிறது என்றே ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன. நிறுத்தினால் உறுதியாக வரக்கூடியது தலைவலி: கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டாவது நாள் வாக்கில் உச்சமாகி, சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் நீடிக்கும். கூடவே சோர்வும் எரிச்சலும். போட்டிக்கு முந்தைய வாரத்தில் இதை வலிய வரவழைத்துக்கொள்வதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. காலைக் காபியை வழக்கம்போலக் குடியுங்கள். மாலைக் காபியை மட்டும், உங்கள் மெதுவான கடிகாரத்தை மனத்தில் வைத்து, போட்டிக்கு முந்தைய மூன்று நான்கு நாட்களில் சிறிது சிறிதாகக் குறைத்துவிடுங்கள். முந்தைய இரவின் தூக்கம் காப்பாற்றப்படும்.

கொழுப்பு கரையும் என்ற பேச்சுக்கு மூலம் 1970களின் பிற்பகுதியில் நடந்த சைக்கிள் ஆய்வுகள். காஃபீன் கொழுப்பை எரியவைத்துத் தசையின் சர்க்கரையைச் சேமிக்கிறது, அதனால்தான் அதிக நேரம் மிதிக்க முடிகிறது என்று அப்போது விளக்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த விளக்கம் நிற்கவில்லை. பலன் பெரும்பாலும் மூளையில், சிரமத்தை உணர்வதில், நிகழ்கிறது என்ற முடிவுக்கே துறை வந்து சேர்ந்தது. எடை குறைப்பதற்காக இதை எடுக்க நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

பழகினால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் தேவையில்லாத அளவுக்குப் பழகுவதற்காகத் தூக்கம் கெட்ட இரவுகளை ஏன் விலையாகக் கொடுக்க வேண்டும்? குறைந்த அளவில் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடுமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

நான்கு ஞாயிறுகள்

போட்டிக்கு முன் நான்கு நீண்ட ஓட்டங்கள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் ஞாயிறன்று காஃபீன் எதுவும் இல்லாமல் ஓடுங்கள். அன்றைய காபியை ஓடி முடித்த பிறகு குடியுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள், எனக்கோ இதுதான் மிகவும் தேவையானது. காஃபீனே இல்லாமலும் ஐந்தாறு கிலோமீட்டரில் உங்கள் வயிறு முறுக்கினால், முந்தைய இரவு உணவையும் ஓட்டத்தின் வேகத்தையும் பார்க்க வேண்டுமே தவிர காஃபீனை அல்ல.

இரண்டாவது ஞாயிறன்று, ஓட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் போன்ற எளிதில் செரிக்கும் ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, ஐம்பது நிமிடம் முன்பு ஒரு தம்ளர் தண்ணீரோடு அரை மாத்திரை, அதாவது 100 மில்லிகிராம் எடுங்கள். கிலோவுக்கு 1.7 தான் வருகிறது, ஆனாலும் தொடங்குவதற்கு அது போதும். மாத்திரையின் நடுவில் கோடு இருந்தால் மட்டுமே உடையுங்கள். மெதுவாகக் கரையும் வகை என்று எழுதியிருந்தால் அதை உடைக்கக் கூடாது, சிறிய அளவு மாத்திரையாக வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று மூன்றைக் கவனியுங்கள். மாத்திரை எடுத்த முக்கால் மணி நேரம் கழித்து, கையை முன்னால் நீட்டி விரல்களைப் பரப்பி, புறங்கையின் மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் காகிதத்தின் ஓரத்தில் தெரியும். முதல் ஞாயிறன்றும் இதே சோதனையைச் செய்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. அடுத்து, முதல் மூன்று கிலோமீட்டரில் கடிகாரம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 விநாடிக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். உடம்பு "இன்னும் வேகமாகப் போகலாம்" என்று சொல்லும், கடிகாரத்தை நம்புங்கள். கடைசியாக, இரவு படுத்த நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் குறித்து வையுங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்து, வயிறும் அடங்கியிருந்தால், மூன்றாவது ஞாயிறன்று 150க்குப் போகலாம். அது கிலோவுக்கு 2.6. அரை மாத்திரையோடு, விழித்தவுடன் குடிக்கும் சிறிய கோப்பைக் காபியை 50 என்று கணக்கிட்டு அந்த அளவை எட்டலாம். காபி குடித்தால்தான் காலைக்கடன் கழியும் என்கிற வழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்த வழி இன்னும் பொருத்தம்: ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே காபியைக் குடித்துவிட்டால் குடல் தன் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளும். 150இல் ஏதாவது தொல்லை தெரிந்தால் 100க்குத் திரும்புங்கள். நான்காவது ஞாயிறன்று, எது பொருந்தியதோ அதை, போட்டியன்று எழும் அதே நேரத்துக்கு எழுந்து, அதே வரிசையில் செய்து பாருங்கள். 200க்கு மேல் போக உங்கள் எடையிலும் உங்கள் கருத்தடை மாத்திரையோடும் எந்தக் காரணமும் இல்லை.

காஃபீன் சிறுநீரைப் பெருக்கி உடம்பை வறளச் செய்யுமோ என்று பயந்து கூடுதலாகத் தண்ணீர் குடித்து வயிற்றைக் குலுக்கிக்கொள்ள வேண்டாம். ஓடும்போது அந்த விளைவு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. தடை செய்யப்பட்ட பொருளோ என்ற கவலையும் வேண்டாம். சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பு 2004இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

மாத்திரையைத் தொடக் கூடாத நேரங்கள்

அன்று வந்த படபடப்பு, ஓட்டம் முடிந்து சில மணி நேரத்தில் அடங்கியிருந்தால் அளவைக் குறைப்பதே மருந்து. ஆனால் இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டுத் தாறுமாறாக அடித்தது, நெஞ்சு வலித்தது, மயக்கம் வந்தது என்று ஏதாவது இருந்திருந்தால், அல்லது உங்கள் குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தால், அடுத்த ஓட்டத்துக்கு முன் இதய மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், அதுவரை இந்த நான்கு ஞாயிறுச் சோதனையைத் தள்ளிவையுங்கள். இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கருத்தடை மாத்திரையும் காஃபீனும் தனித்தனியாகவே அதை ஏற்றக்கூடியவை.

போட்டி வாரத்தில் சளி பிடித்தால், மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரையோடு காஃபீனைச் சேர்க்காதீர்கள். இரண்டும் இதயத்தை ஒரே திசையில் தள்ளுபவை. சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சாசின் எழுதிக் கொடுத்திருந்தால், ஏற்கெனவே மெதுவாக இருக்கும் உங்கள் கல்லீரல் நொதியை அது இன்னும் முடக்கும். அந்த நாட்களில் வழக்கமான காபியே உங்களுக்கு அதிகமாகத் தெரியலாம். பின்னாளில் கருத்தரிக்கத் திட்டமிட்டு மாத்திரையை நிறுத்தினால், கர்ப்ப காலத்தில் எல்லா வகையிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, எடுக்கத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்டால், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நீண்ட தூர விளையாட்டுகளில் காஃபீன் தரும் முன்னேற்றம் சராசரியாக 2 முதல் 4 விழுக்காடு. உங்கள் 130 நிமிட ஓட்டத்தில் 2 விழுக்காடு என்பது இரண்டரை நிமிடம் சொச்சம்; அதுவும் சிலருக்குக் கிடைக்கும், சிலருக்கு ஒன்றுமே கிடைக்காது. ஐந்தாவது கிலோமீட்டரில் நீங்கள் இழந்தது ஆறு நிமிடம். நான்காவது ஞாயிறு முடிந்த பிறகும் வயிற்றைப் பற்றி உங்கள் மனத்தில் சந்தேகம் இருந்தால், போட்டியன்று மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு, விழித்தவுடன் உங்கள் வழக்கமான காலைக் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போங்கள்.